ரைபோஸ்விட்ச் 40 மணி நேரம் காத்திருக்காது: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு மாணவி ஜெல் படத்தையும் ஒரு வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். எஃப்.எம்.என். மூலக்கூறை உணரும் ரைபோஸ்விட்ச் அவளுடையது. பிணைப்புச் சோதனையில் 5 நானோமோலாரிலேயே பாதி ஆர்.என்.ஏ. மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பாதி அளவுக்குத்தான் Kd என்று பெயர். அதே ஆர்.என்.ஏ.வைப் பாலிமரேஸ் நொதி எழுதும்போது சோதித்தால், மரபணு பாதி அளவு அணைவதற்கு 3 மைக்ரோமோலாருக்கு மேல் தேவைப்படுகிறது. "600 மடங்கு மோசமாக இருக்கிறது, என் ஆர்.என்.ஏ. கெட்டுப்போய்விட்டது போல" என்றாள். அடுத்த வாரம் முழுவதும் புதிதாகச் சுத்திகரிக்கத் திட்டம் போட்டிருந்தாள்.

அவளுடைய ஆர்.என்.ஏ.வில் எந்தக் குறையும் இல்லை. நானும் இதே காரணத்துக்காக நான்கு மாதம் சுத்திகரித்துக்கொண்டே இருந்தவன். கையுறை போடுவது, ஆர்.என்.ஏ.வை அரிக்கும் நொதி படாமல் பார்த்துக்கொள்வது போன்றவற்றை எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

Kd-யைச் செல்லின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது

ரைபோஸ்விட்ச் என்பது தூது ஆர்.என்.ஏ.வின் முன்பகுதியில், புரதத்துக்கான செய்தி தொடங்கும் முன்பே இருக்கும் ஒரு மடிப்பு. அதில் இரண்டு பாகம். சிறு மூலக்கூறைப் பிடிக்கும் ஆப்டமர் ஒன்று. அதைத் தொடர்ந்து வரும் முடிவெடுக்கும் பகுதி இன்னொன்று. பேசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் ribD மரபணுவில், ஆப்டமர் எஃப்.எம்.என்.னைப் பிடித்திருந்தால் பின்னால் ஒரு டெர்மினேட்டர் கொண்டை உருவாகும். அதையடுத்து வரும் யூரிடின் வரிசையில் பாலிமரேஸ் கழன்றுவிடும், செய்தி அங்கேயே நின்றுவிடும். எஃப்.எம்.என். இல்லையென்றால் வேறொரு கொண்டை முந்திக்கொண்டு டெர்மினேட்டரைத் தடுத்துவிடும், பாலிமரேஸ் மேலே போய்விடும்.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. ஆப்டமர் முதலில் வெளியே வருகிறது, டெர்மினேட்டர் அப்புறம் வருகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் பாலிமரேஸ் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறதோ, அவ்வளவுதான் ஆப்டமருக்குக் கிடைக்கும் அவகாசம். டெர்மினேட்டர் இடத்தைப் பாலிமரேஸ் கடந்துவிட்டால் அதன் பிறகு எஃப்.எம்.என். வந்து ஒட்டினாலும் பயனில்லை. வண்டி போய்விட்டது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இடைவெளி 80 எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியப் பாலிமரேஸ் நொடிக்கு 40 எழுத்து எழுதுகிறது என்றால் அவகாசம் 2 நொடி. இப்படிப்பட்ட ஆப்டமர்கள் பிடிக்கும் வேகமான k_on-ஐச் சுமாராக 10⁵ M⁻¹s⁻¹ என்று எடுத்துக்கொள்ளலாம். Kd 5 நானோமோலார் என்றால், விடும் வேகமான k_off இரண்டின் பெருக்கல். [L] என்பது எஃப்.எம்.என். அளவு, k_obs என்பது பிணைப்பு சமநிலையை நோக்கி நகரும் வேகம்:

```
k_off = 10^5 × 5×10^-9 = 0.0005 /s
k_obs = k_on × [L] + k_off

[L] = 5 nM   →  k_obs = 0.001 /s   →  பாதி நேரம் ≈ 690 s
[L] = 3.5 µM →  k_obs ≈ 0.35 /s    →  பாதி நேரம் ≈ 2 s
```

5 நானோமோலாரில் பாதி வழி எட்டவே பதினொன்றரை நிமிடம் ஆகிறது. பாலிமரேஸ் கொடுக்கும் 2 நொடிக்குள் பாதி ஆப்டமர்கள் பிடித்தாக வேண்டுமென்றால் 3.5 மைக்ரோமோலார் வேண்டும், அதாவது Kd-யைப்போல 700 மடங்கு. மாணவி கெட்டுப்போன ஆர்.என்.ஏ. என்று நினைத்த அந்த எண் இங்கிருந்துதான் வருகிறது.

விடும் வேகத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். 0.0005 என்றால் ஒட்டிய மூலக்கூறு பிரிய, பாதிக் கணக்கில், 23 நிமிடம் ஆகும். 2 நொடி ஓட்டத்தில் ஒட்டியது ஒட்டியதுதான். சமநிலைக்கு இங்கே இடமே இல்லை. Kd என்ற எண் சரியானதுதான், ஆனால் இந்த ரைபோஸ்விட்ச் அந்த எண்ணை ஒருபோதும் பயன்படுத்துவதில்லை.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். ஆப்டமரின் Kd-யை அளக்கும் பழக்கமான வழிகளில் ஒன்றில், ஆர்.என்.ஏ.வை 20 மில்லிமோலார் மெக்னீசியத்தில், கொஞ்சம் காரத்தன்மையான கரைசலில், சுமார் 40 மணி நேரம் வைத்து, எங்கே தானாக உடைகிறது என்று பார்ப்பார்கள். அருமையான முறை, எனக்கும் பிடிக்கும். அதில் கிடைத்த எண்ணை எடுத்து "செல்லுக்குள் இவ்வளவு எஃப்.எம்.என். இருந்தால் மரபணு அணைந்துவிடும்" என்று எழுதும்போதுதான் கோபம் வருகிறது. 40 மணி நேரத்தில் அளந்ததை 2 நொடியில் நடப்பதோடு சேர்த்து வைக்கிறோம். நான் இதை வைத்து ஒரு தொகுப்பே வடிவமைத்தேன். Kd-யைச் சுற்றி 1 முதல் 50 நானோமோலார் வரை பன்னிரண்டு குழாய்கள். பன்னிரண்டிலும் ஒரே பட்டை, ஒரே அளவு. மூலக்கூறு கெட்டுவிட்டது, நொதி செத்துவிட்டது என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனேன். குழாய்களின் வீச்சை நூறு மடங்கு மேலே தள்ளிப் பார்த்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

சரி, உங்கள் ரைபோஸ்விட்ச் எந்த ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாலிமரேஸின் வேகத்தை மாற்றிப் பாருங்கள். நியூக்ளியோடைடுகளின் அளவைக் குறைத்தால் பாலிமரேஸ் மெதுவாகும், ஆப்டமருக்கு அவகாசம் கூடும். ஒவ்வொன்றும் 50 மைக்ரோமோலாரில் ஒரு தொடர், 1 மில்லிமோலாரில் ஒரு தொடர். பாதி அணையும் அளவு மெதுவான ஓட்டத்தில் Kd பக்கம் நகர்ந்து, வேகமான ஓட்டத்தில் விலகிப் போனால், ஓட்டப்பந்தயம்தான் முடிவு செய்கிறது என்று அர்த்தம். நகரவே இல்லையென்றால் சமநிலைதான் ஆள்கிறது.

இந்தச் சோதனையில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு நியூக்ளியோடைடும் தன்னோடு ஒரு மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்கிறது. 50 மைக்ரோமோலாரில் நான்கும் சேர்ந்து 0.2 மில்லிமோலார், 1 மில்லிமோலாரில் 4 மில்லிமோலார். மெக்னீசியத்தை அப்படியே வைத்துவிட்டு நியூக்ளியோடைடை மட்டும் ஏற்றினால், தனியாக இருக்கும் மெக்னீசியம் கிட்டத்தட்ட 3.8 மில்லிமோலார் குறைந்துவிடும். ஆப்டமரின் மடிப்பே தளர்ந்துபோகலாம். அப்போது நீங்கள் பார்ப்பது வேகத்தின் விளைவா, மெக்னீசியத்தின் விளைவா என்று சொல்ல முடியாது. அதே 3.8-ஐ மெக்னீசியத்திலும் கூட்டிவிடுங்கள்.

பாலிமரேஸ் தயங்கும் இடங்களையும் மறக்காதீர்கள். மேலே சொன்ன 80 எழுத்துக்கு நடுவில் அது 10 நொடி நின்றால் அவகாசம் 12 நொடி ஆகிறது, தேவையான அளவு 3.5-லிருந்து சுமார் 0.6 மைக்ரோமோலாருக்கு இறங்குகிறது. இப்படித் தயங்கும் இடங்கள் ribD-யில் உண்மையிலேயே இருக்கின்றன. நியூஸ்ஏ என்ற புரதம் அந்தத் தயக்கத்தை நீட்டிக்கவும் செய்கிறது. அதனால் இடைப்பகுதியைச் சும்மா நிரப்பி என்று நினைத்து வெட்டி எறிந்தால், ஆப்டமரைத் தொடாமலேயே ரைபோஸ்விட்சின் உணர்திறனை மாற்றிவிடுவீர்கள். இதையும் நான் செய்திருக்கிறேன். குளோன் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று முப்பது எழுத்தை எடுத்துவிட்டேன்.

எல்லா ரைபோஸ்விட்சும் இப்படி இல்லை. விப்ரியோ வல்னிஃபிகஸ் பாக்டீரியாவின் add மரபணுவில் இருக்கும் அடினைன் ரைபோஸ்விட்ச், ரைபோசோம் உட்காரும் இடத்தை மறைத்துத் திறக்கிறது. ஆர்.என்.ஏ. முழுதாக எழுதப்பட்ட பிறகும் அதால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற முடியும். அங்கே Kd-க்கு அர்த்தம் இருக்கிறது.

முழு ஆர்.என்.ஏ.வைச் சூடாக்கி ஆறவைத்துச் சோதிப்பது

இதுவும் முந்தையதன் தம்பிதான். பேசிலஸ் சப்டிலிஸின் pbuE மரபணுவில் ஒரு அடினைன் ரைபோஸ்விட்ச் இருக்கிறது. அதன் ஆப்டமரை மட்டும் தனியாக எடுத்தால் அடினைனை நன்றாகப் பிடிக்கும். டெர்மினேட்டரோடு சேர்த்து முழு நீளத்தில் எடுத்து, 90 டிகிரிக்குச் சூடாக்கி ஆறவைத்தால், பிடிக்கவே மாட்டேன் என்கிறது. காரணம், ஆப்டமரின் அடித்தண்டில் ஒரு இழையாக இருக்கும் எழுத்துகள் டெர்மினேட்டருக்கும் தேவைப்படுகின்றன, டெர்மினேட்டர் கொண்டை அதைவிட உறுதியானது. ஆறவைக்கும்போது ஆர்.என்.ஏ. நேராக அந்த உறுதியான வடிவத்துக்குப் போய்விடுகிறது. செல்லுக்குள் அப்படி நடப்பதில்லை. அங்கே ஆப்டமர் முதலில் பிறக்கிறது, டெர்மினேட்டர் பிறப்பதற்குள் அடினைன் அந்தத் தண்டைப் பூட்டிவிடுகிறது.

முழு நீளத்தில் பிணைப்பு இல்லையே, இது ரைபோஸ்விட்சே இல்லை என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். பாலிமரேஸ் எழுதும்போதே அடினைனைச் சேர்த்துப் பாருங்கள் என்றேன். அடினைன் இருக்கும் குழாயில் முழு நீளப் பட்டை தெளிவாகக் கூடியிருந்தது.

மூலக்கூறைச் சேர்த்தால் அணையும் என்று முன்கூட்டியே முடிவு செய்வது

pbuE அடினைன் வந்தால் இயங்கத் தொடங்கும். வரைபடம் தலைகீழாக வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

டி7 பாலிமரேஸ்

வேண்டாம். நொடிக்கு 200 எழுத்துக்கு மேல் ஓடும், பாக்டீரிய டெர்மினேட்டர்களையும் ஒழுங்காக மதிக்காது.

பட்டைகளின் அடர்த்தியை அப்படியே வகுப்பது

ஒரே சுற்று எழுத்துச் சோதனையில் இரண்டு பட்டைகள் வரும்: நின்றது ஒன்று, ஓடி முடித்தது ஒன்று. கதிரியக்கக் குறி எல்லா இடத்திலும் ஏறியிருந்தால் நீளமான ஆர்.என்.ஏ.வில் அதிகக் குறி இருக்கும், அதனால் அது உண்மையைவிட அதிகமாகத் தெரியும். குறியிட்ட எழுத்து ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ணி வகுக்க வேண்டும். இன்னும் நல்லது, தொடக்கத்தில் பாலிமரேஸை நிறுத்தி வைக்கும் கட்டத்தில் மட்டும் குறியேற்றிவிட்டு, ஓடவிடும்போது குறியற்ற நியூக்ளியோடைடைத் தாராளமாகக் கொடுப்பது. அப்போது இரண்டு பட்டையிலும் குறி சமம். எஃப்.எம்.என்.னை ஓடவிடும் நொடியில் ஹெப்பாரினோடு சேர்த்தே போடுங்கள், ஹெப்பாரின் இல்லையென்றால் பாலிமரேஸ் திரும்ப ஏறி இன்னொரு சுற்று எழுதும்.

சத்தான ஊடகத்தில் செல் சோதனை

ஈஸ்ட் சாறு கலந்த ஊடகத்தில் தயமின் முதலான வைட்டமின்கள் ஏற்கனவே இருக்கின்றன. ஸ்விட்ச் நீங்கள் தொடுவதற்கு முன்பே அணைந்திருக்கும். குறைந்தபட்ச ஊடகத்தில் செய்யுங்கள்.

மாணவி இப்போது சுத்திகரிப்பை விட்டுவிட்டு இரண்டு நியூக்ளியோடைடு அளவுகளில் ஓட்டத் தொடங்கியிருக்கிறாள். மெதுவான தொடரில் பாதிப்புள்ளி 0.4 மைக்ரோமோலாருக்கு இறங்கிவிட்டது. வேகமான தொடரின் ஜெல் இன்று காய்ந்துகொண்டிருக்கிறது.