கறுப்பு பீரில் கோப்பி மணம் எப்படி?

பினாங்கில் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரைக் குடித்த நண்பர், "இதில் கோப்பித் தூள் போடுகிறார்களா?" என்று கேட்டார். பெரும்பாலும் இல்லை. எல்லாம் முளைவிட்ட பார்லியை, அதாவது மால்ட்டை, சூடாக்கும் விதம்தான்.

80 டிகிரி செல்சியஸ் அளவில் உலர்த்தினால் ரொட்டி மணம். ஈரத்தோடு 65 டிகிரியில் புழுங்கவிட்டால், உமிக்குள்ளேயே மாவு சர்க்கரையாகிவிடும்; அதை வறுத்தால் கேரமல். நம் கோப்பிக் கொட்டையை வறுக்கும்போது சர்க்கரையை வெளியிலிருந்து சேர்க்கிறார்கள். இங்கே அது மணிக்குள்ளேயே பிறக்கிறது. உலர்ந்த மால்ட்டை 220 டிகிரி வரை வறுத்தால் சாக்லேட், கோப்பி. அதற்கு மேல் போனால் சாம்பல் கசப்புதான்.

ஸ்டவுட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். கடுங்குளிரில் இந்த மணங்கள் எழுவதில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடமே தாராளம்.