ஒரே நெஞ்சுவலி, இரண்டு பேர்: டி.எம்.டி. முடிவைப் படிப்பது எப்படி?

மாலை ஐந்தரைக்கு மேல் கம்பம்மெட்டுப் பக்கமிருந்து ஜீப்புகள் இறங்க ஆரம்பித்தால், கம்பத்தில் என் கிளினிக்கில் இடம் இருக்காது. எல்லாரும் இடுக்கி மலையில் ஏலத்தோட்ட வேலை முடிந்து வருகிறவர்கள். "நெஞ்சு வலிக்குது சார்" என்பதை வாரத்துக்குப் பல தடவை கேட்கிறேன். அதில் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இவர்கள் பலரைக் கலந்து நான் உருவாக்கியவர்கள்.

ஒருவர் 32 வயதுப் பெண். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. மூட்டை தூக்கிய மறுநாளிலிருந்து இடது பக்கம் சுருக் சுருக்கென்று குத்துகிறது. விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் விரலால் அழுத்தினால் "அதேதான் சார்" என்கிறார். கணவருக்குப் பயம், வெளியூருக்குக் கூட்டிப்போய் டி.எம்.டி. எடுக்க வைத்துவிட்டார். டிரெட்மில்லில் நடக்க வைத்து ஈ.சி.ஜி. பார்க்கும் சோதனை அது. முடிவு பாசிட்டிவ்.

இன்னொருவர் 62 வயது கங்காணி. பதினைந்து வருடமாகச் சர்க்கரை, பீடியும் உண்டு. மேட்டில் ஏறினால் நடுநெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இறுக்குகிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் விடுகிறது. அவருடைய டி.எம்.டி. நெகட்டிவ். "ஒன்னும் இல்லேன்னுட்டாங்க" என்று சிரிக்கிறார்.

யாருக்காகக் கவலைப்பட வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

படி 1: ரிப்போர்ட்டைப் பிரிக்காமல் ஒரு எண் எழுதுங்கள்

சோதனைக்கு முன்பே இவருக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு இருக்க எவ்வளவு வாய்ப்பு? இதுதான் முன்வாய்ப்பு. இது வெறும் யூகம் அல்ல. மூன்று கேள்வி கேட்க வேண்டும்: நடுநெஞ்சில் இறுக்கமா, உழைக்கும்போதோ மனம் பதறும்போதோ வருகிறதா, ஓய்வெடுத்தால் சில நிமிடத்தில் விடுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது இதயவலிக்கே உரிய சாயல். அதோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து டயமண்ட், பாரெஸ்டர் என்ற இருவர் 1979-இல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். அதன் எண்கள் இன்றைய நோயாளிகளுக்கு அதிகம் என்று பின்னால் தெரிந்து, புதிய அட்டவணைகளில் குறைத்துவிட்டார்கள். ஆனால் கேட்கும் முறை அப்படியே நிற்கிறது.

கணக்கு எளிதாக இருக்க, அந்தப் பெண்ணுக்கு 100-க்கு 2, கங்காணிக்கு 100-க்கு 80 என்று வைக்கிறேன்.

படி 2: சோதனை எவ்வளவு தவறும்?

டி.எம்.டி. நோய் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 70 பேரைப் பிடிக்கும், 30 பேரை விட்டுவிடும். நோய் இல்லாத 100 பேரில் சுமார் 75 பேரைச் சரியாக விடுவிக்கும், 25 பேரை வீணாகப் பயமுறுத்தும். பெண்களில் இந்த வீண் பாசிட்டிவ் இன்னும் சற்று அதிகம்.

படி 3: ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்துங்கள்

சதவீதத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், தலைகளை எண்ணினால் போதும். அந்தப் பெண்ணைப் போலவே 1000 பெண்கள். 20 பேருக்கு நோய், அவர்களில் 14 பேர் பாசிட்டிவ். மீதி 980 பேருக்கு நோயே இல்லை, ஆனாலும் 245 பேர் பாசிட்டிவ். ஆக 259 பாசிட்டிவ் ரிப்போர்ட்டில் 14 மட்டுமே நிஜம். 2 சதவீதமாக இருந்தது சுமார் 5 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

கங்காணியைப் போல 1000 பேர். 800 பேருக்கு நோய், அவர்களில் 240 பேரைச் சோதனை தவறவிடும். நோய் இல்லாத 200 பேரில் 150 பேர் நெகட்டிவ். மொத்தம் 390 நெகட்டிவ், அதில் 240 பேருக்கு அடைப்பு இருக்கிறது. அதாவது 62 சதவீதம்!

'பாசிட்டிவ்' வந்த பெண்ணுக்கு 5, 'நெகட்டிவ்' வந்தவருக்கு 62. நான் முதன்முதலில் இதைப் போட்டபோது எங்கோ தப்பு என்று மறுபடி போட்டேன். தப்பில்லை. 1761-இல் இறந்த தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியாரின் கட்டுரை 1763-இல் வெளிவந்தது. இந்தக் கணக்கின் வேர் அதில்தான் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு வலி மாத்திரையும் பத்து நாள் சுமை தூக்காத ஓய்வும் கொடுத்தேன், ஆஞ்சியோ வேண்டாம் என்றேன். வலியின் போக்கு மாறினால் உடனே வரச் சொன்னேன். கங்காணியை இதய மருத்துவரிடம் அனுப்பினேன்.

எங்கே சறுக்கும்?

சந்தேகமாக இருக்கிறதே என்று அதே டி.எம்.டி.யை மறுபடி எடுப்பார்கள். முதல் தடவை ஏமாற்றிய காரணம் இரண்டாம் தடவையும் அங்கேயே இருக்கும், அதனால் அது புதுச் சாட்சி ஆகாது. அடைப்பைப் படமாகக் காட்டும் வேறு வகைச் சோதனைதான் புதுச் சாட்சி.

இன்னொன்று: இந்தக் கணக்கு நாள்பட்டு வந்துபோகும் வலிக்கு மட்டும். ஓய்விலும் விடாத இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் என்று வந்தால் வயது பார்க்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரி, ஈ.சி.ஜி., டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை. அப்போது டிரெட்மில்லில் ஏற்றவே கூடாது.

சரி, இப்போது நீங்கள் போட்டுப் பாருங்கள். 50 வயது ஜீப் டிரைவர், முன்வாய்ப்பு 100-க்கு 40. பாசிட்டிவ் வந்தால் 430 பேரில் 280, அதாவது 65 சதவீதம். நெகட்டிவ் வந்தால் 570 பேரில் 120, அதாவது 21. எந்தப் பக்கம் வந்தாலும் என் முடிவு மாறுகிறது. டி.எம்.டி.க்கு நான் சீட்டு எழுதுவது இவருக்குத்தான்.