வட்ட நாற்கரம்: மையத்தில் கோணம் கொடுத்தால் கவனம்

மார்த்தாண்டத்தில் என்னிடம் டியூஷன் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அடிக்கடி சறுக்கும் கணக்கு இது. O மையமுள்ள வட்டத்தில் ABCD ஒரு நாற்கரம். C சிறிய வில் BD-யின் மேல் இருக்கிறது. ∠BOD = 130° என்றால் ∠BCD எவ்வளவு?

சிலர் 65° என்று பாதியாக்குவார்கள். சிலர் 180-இல் கழித்து 50° என்பார்கள். இரண்டும் தப்பு. OBCD வட்ட நாற்கரமே இல்லை, O பரிதியில் இல்லையே!

வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்களைக் கூட்டினால் 180° என்பதன் நிரூபணத்தை நினைத்தால் வழி தெரியும். பரிதியில் ஒரு வில் தாங்கும் கோணத்தைப் போல் இரு மடங்கு அதன் மையக்கோணம். A-க்கு எதிரே உள்ள வில் மையத்தில் 2∠A, C-க்கு எதிரே உள்ள வில் 2∠C. இரண்டும் சேர்ந்தால் முழுச் சுற்று, 360°. ஆகவே ∠A + ∠C = 180°. (O-வில் இருக்கும் பின்வளைகோணத்தைப் படத்தில் குறிக்காவிட்டால் இந்த வரி புரியாது.)

சரி, கணக்குக்கு வருவோம். ∠A = 65°, எனவே ∠BCD = 115°. சிறிய வில்லின் மேல் உள்ள புள்ளியில் விரிகோணம்தான் வரும். குறுங்கோணம் வந்தால் உடனே திரும்பிப் பாருங்கள். BC-யை E வரை நீட்டி ∠DCE கேட்டால் விடை 65°, எதிரே இருக்கும் ∠A-தான் அது.