அடைத்த கடன் சிபிலில் இன்னும் நிற்கிறதா?

கடனை முழுதாக அடைத்தபின் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். அந்தக் கடனுக்கு நேரே Current Balance பூஜ்யமாகவும் Date Closed நிரப்பப்பட்டும் இருக்க வேண்டும். நிலுவை காட்டினால் Date Reported எதுவென்று பாருங்கள். கடைசித் தவணைக்கு முந்தைய தேதி என்றால் வங்கி இன்னும் புதிய விவரம் அனுப்பவில்லை, கொஞ்சம் பொறுக்கலாம். பிந்தைய தேதி என்றால் தவறுதான். சிபில் தளத்திலேயே கட்டணமின்றி டிஸ்பியூட் போடுங்கள்.

ஆனால் வங்கி ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் திருத்தாது. அதனால் அன்றே, கடன் தீர்ந்தது என்று வங்கி தந்த என்ஓசி சான்றிதழின் நகலோடு வங்கிக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், இதுதான் முக்கியம். 30 நாளில் தீராவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். ரிசர்வ் வங்கி விதி அது.