அறுகோணத்தில் சரியாக வந்து எண்கோணத்தில் காலை வாரும் கணக்கு

சேரன்மகாதேவிப் பக்கம் கால்வாயை ஒட்டிக் கிடக்கும் வயல்களில், வாய்க்கால் வளைந்து போகிற இடத்தில் ஒரு மூலை முக்கோணமாக ஒதுங்கி நிற்பதுண்டு. அப்படி ஒரு துண்டு நிலத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மூலையிலிருந்து கிளம்பும் இரண்டு வரப்புகள் 40 மீட்டரும் 30 மீட்டரும். அந்த மூலையில் அவற்றுக்கு நடுவே இருக்கும் கோணம் 110°. மூன்றாவது பக்கம் வாய்க்கால் கரை. அதை அளக்காமலேயே பரப்பைச் சொல்லிவிடலாம்.

பரப்பு = ½ × a × b × sin C
= ½ × 40 × 30 × sin 110° = 600 × 0.9397 ≈ 563.8 ச.மீ.

ஒரு சென்ட் 40.47 ச.மீ. என்பதால் இது கிட்டத்தட்ட 13.9 சென்ட். சைனை விட்டுவிட்டு 40-ஐயும் 30-ஐயும் பெருக்கிப் பாதியாக்கினால் 600 ச.மீ. வரும். அது 14.8 சென்ட். ஏறக்குறைய ஒரு சென்ட் இல்லாத நிலம் கணக்கில் ஏறிவிடும். மூலை சரியாக 90° இருந்தால் மட்டுமே பாதிப் பெருக்கல் போதும். மற்ற மூலைகளில் 30 மீட்டர் வரப்பு சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வை நேர் உயரமாக மாற்றித் தருவதுதான் சைனின் வேலை: 30 × sin 110° = 28.19 மீட்டர்.

110° விரிகோணம். அதனால் உயரக்கோடு நிலத்துக்குள் விழாது. 40 மீட்டர் வரப்பை மூலைக்கு வெளியே நீட்டினால் அந்த நீட்டலின் மேல்தான் விழும். இதைப் பார்த்துத் தயங்கிச் சிலர் 110-க்குப் பதில் 70° போடுவார்கள். விடை மாறாது, ஏனென்றால் sin 110° = sin 70°. ஆனால் இதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. பரப்பிலிருந்து பின்னோக்கிப் போய்க் கோணத்தைக் கேட்டால் கால்குலேட்டர் 70° என்றுதான் சொல்லும். அதை நம்பி வாய்க்கால் பக்கத்துக்கு வேலிக் கம்பி வாங்கினால் 41 மீட்டர்தான் வாங்குவோம். உண்மையில் தேவைப்படுவது 57.6 மீட்டர். பரப்பு ஒன்றாக இருந்தாலும் நிலத்தின் வடிவம் வேறு.

அடுத்த தவறு, கோணத்தை வேறு மூலையில் எடுப்பது. இதே நிலத்தில் 30 மீட்டர் வரப்பின் மறுமுனையில், அது வாய்க்கால் கரையைத் தொடும் இடத்தில், கோணம் 40.7°. நிற்க வசதியான மூலை அது என்பதற்காக அங்கே அளந்து, அதையே 40, 30-உடன் சேர்த்தால் 391 ச.மீ. வரும். கோணம் எந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில் இருக்கிறதோ அந்த இரண்டைத்தான் பெருக்க வேண்டும். இந்த மூலையில் நின்று அளந்தால் 30-உம் 57.6-உம்தான் ஜோடி, 40 அங்கே வருவதேயில்லை.

கோணம் அளக்கக் கருவி இல்லையென்றால் நாடாவே போதும். மூலையிலிருந்து இரண்டு வரப்பிலும் 3 மீட்டர் தள்ளி ஒவ்வொரு குச்சி நட்டு, குச்சிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். நம் நிலத்தில் அது 4.91 மீட்டர் வரும். அதில் பாதியை 3-ஆல் வகுத்தால் சுமார் 0.819. அந்த சைன் உள்ள கோணம் 55°, அதன் இருமடங்கு 110°. இப்படி பாதிக் கோணத்தின் வழியாகப் போவதால் விரிகோணக் குழப்பமும் வராது. 90°-க்கு அருகே ஒரு டிகிரி பிசகினாலும் பெரிய நட்டமில்லை: 109° என்று எடுத்தால் பரப்பு 0.6 சதவீதம்தான் கூடும். 20° போன்ற ஒடுங்கிய மூலையில் அதே ஒரு டிகிரி ஏறத்தாழ 5 சதவீதத்தைத் தின்றுவிடும். அங்கே நாடாவை இரண்டு தடவை பிடிப்பது நல்லது.

இந்தச் சூத்திரம் ஒழுங்கு பலகோணத்துக்குப் போகும்போதுதான் பெரிய வழுக்கல் இருக்கிறது. மையத்திலிருந்து ஒவ்வொரு முனைக்கும் கோடு போட்டால் n சம முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் மையத்தில் கோணம் 360°/n, அதை அணைக்கும் இரு பக்கங்களும் மையத்திலிருந்து முனைக்கு உள்ள தூரம் R. ஆக,

பரப்பு = (n/2) × R² × sin(360°/n)

பள்ளியில் முதலில் போடுவது பெரும்பாலும் அறுகோணம். அங்கே R-உம் பக்கமும் ஒரே நீளம். அதனால் R இருக்க வேண்டிய இடத்தில் பக்க அளவை வைத்தாலும் விடை சரியாக வரும். அதோடு மையக் கோணமும் உட்கோணமும் எந்த ஒழுங்கு பலகோணத்திலும் கூட்டினால் 180°. அவற்றின் சைன் ஒன்றே. ஆகவே 60°-க்குப் பதில் 120° போட்டாலும் விடை அசையாது. இரண்டு தவறு செய்தும் முழு மதிப்பெண் கிடைத்தால் தவறு தெரிய வழியேயில்லை.

ஊர் அரசமரத்தைச் சுற்றி 2 மீட்டர் பக்கத்தில் எண்கோண மேடை கட்டுவதாக வையுங்கள். பழைய பழக்கத்தில் ½ × 2 × 2 × sin 135° போட்டு 8-ஆல் பெருக்கினால் 11.31 ச.மீ. வரும். இந்த 135° மேடையின் மூலையில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் அதை அணைக்கின்றன. அப்படியென்றால் நாம் கணக்கிட்டது மூலையை வெட்டினால் விழும் சிறு முக்கோணத்தை. மையம் வரை போகும் துண்டு அது இல்லை. முதலில் R-ஐக் கண்டுபிடிக்க வேண்டும்:

R = 2 ÷ (2 × sin 22.5°) = 2.613 மீ.
பரப்பு = 4 × 2.613² × sin 45° ≈ 19.31 ச.மீ.

11.31-க்குக் கல் வாங்கினால் தரையில் எட்டு சதுர மீட்டர் வெறுமையாகக் கிடக்கும். ஐங்கோணத்தில் இதே தவறு எதிர்ப்பக்கம் சாய்ந்து பரப்பைக் கூட்டிக் காட்டும், ஏனென்றால் அங்கே R பக்கத்தைவிடச் சிறியது.

கொத்தனார் மேடையின் குறுக்கே அளக்கும்போது பெரும்பாலும் பக்கத்தின் நடுவிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்கு நாடா பிடிப்பார், அங்கேதான் அது வாகாக நிற்கும். அது 4.83 மீட்டர். பாதி 2.414. இது R இல்லை, உள்வட்டத்தின் ஆரம். இதை R என்று போட்டால் 16.5 ச.மீ. ஆகிவிடும். முனையிலிருந்து எதிர்முனைக்குப் பிடித்தால் 5.23 மீட்டர் வரும்; அதன் பாதிதான் R.

இவ்வளவையும் பிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். பலகோணம் உள்வட்டத்தைவிடப் பெரிது, சுற்றுவட்டத்தைவிடச் சிறிது. நம் மேடைக்கு அந்த எல்லைகள் 18.3-உம் 21.5-உம் (π × 2.414², π × 2.613²). 11.31-உம் 16.5-உம் கீழே விழுந்துவிடுகின்றன, 19.31 உள்ளே நிற்கிறது.

கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் வயல் கணக்கு உடனே காட்டிக்கொடுக்கும். Sin 110 அங்கே −0.044, பரப்பு எதிர்மறையாகிவிடும். எண்கோணம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ரேடியனில் sin 45 = 0.851, பார்க்க ஒழுங்கான எண். அதைப் போட்டால் மேடை 23.2 ச.மீ. என்று வரும், சுற்றுவட்டத்தையே தாண்டிய பரப்பு. எக்செல் எப்போதும் ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால் அங்கே இப்படி எழுத வேண்டும்:

```
=8/2*2.613^2*SIN(RADIANS(45))
```

கைக் கால்குலேட்டரில் தொடங்குமுன் sin 30 அழுத்திப் பாருங்கள். 0.5 வராவிட்டால் டிகிரிக்கு மாற்றிவிட்டு மேலே போகலாம்.