சித்த மருத்துவமனைச் செலவுக்குக் கிளெய்ம்: பதிவு எண்ணிலும் பாலிசிப் பிரிவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கங்களில் மூட்டுவலிக்கும் தோல் நோய்க்கும் சித்த மருத்துவமனையில் தங்கி மருத்துவம் பார்த்துக்கொள்வோர் பலர், பணத்தைத் தாமே கட்டிவிட்டுப் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கின்றனர். அப்போது கோப்பில் பில், ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒழுங்காக இருந்தும், “மருத்துவமனை, பாலிசியின் வரையறைக்குள் வருவதாகத் தெரியவில்லை” என்று ஒரு வரியில் கேள்வி வந்து நிற்பது உண்டு. மருத்துவத்தில் குறை இருந்து வரும் கேள்வி அன்று அது. எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறோம், அந்தப் பிரிவு கேட்கும் மருத்துவமனை இதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்ற இரண்டையும் சேர்த்துக் காட்டாததால் வரும் கேள்வி.

பிரிவிலிருந்து தொடங்குவோம். எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் ஆயுஷ் சிகிச்சைக்கான பிரிவு 4.2. ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, ஓமியோபதி ஆகிய முறைகளில் உள்நோயாளியாகப் பெறும் சிகிச்சைக்கு, “ஆயுஷ் மருத்துவமனை” ஒன்றில் ஆகும் செலவைத் தருவதாக அது சொல்கிறது. பலர் செய்யும் தவறு, இந்தப் பிரிவை விட்டுவிட்டு, ஆயுஷ் சிகிச்சையையும் மற்றச் சிகிச்சைகளுக்கு இணையாக நடத்த வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜனவரி 31 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையை மட்டும் கடிதத்தில் எழுதுவது. சுற்றறிக்கை நிறுவனங்களுக்கு இடப்பட்ட கட்டளை. காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் டிபிஏ என்ற இடை நிறுவனத்தின் அலுவலர் கோப்பைப் பார்க்கும்போது கையில் வைத்திருப்பதோ உங்கள் பாலிசி வாசகம். ஆகவே பிரிவு எண்ணை முதலில் எழுதி, தேவைப்பட்டால் சுற்றறிக்கையை அதற்குத் துணையாகச் சொல்லலாம். வேறு பாலிசி வைத்திருப்பவர்களுக்குப் பிரிவு எண் மாறும். முகவர் கொடுத்த விளம்பரத் தாளிலிருந்து எண்ணை எடுக்காமல், அந்த ஆண்டின் பாலிசிப் புத்தகத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

“ஆயுஷ் மருத்துவமனை” என்றால் என்ன என்பது பயன்களைச் சொல்லும் பகுதியில் இராது. முன்னால் உள்ள வரையறைப் பகுதியில் இருக்கும். பலரும் புரட்டாமல் தாண்டிச் செல்லும் பக்கங்கள் அவை. அங்கே மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. முதலாவது, மத்திய அல்லது மாநில அரசின் ஆயுஷ் மருத்துவமனை. இரண்டாவது, அங்கீகாரம் பெற்ற ஆயுஷ் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ டெல்டாவிலிருந்து போய்ப் படுத்தவர்கள் இந்த இரண்டு வழிகளில் எளிதாக நுழைந்துவிடலாம். சிக்கல் மூன்றாவது வழியில் வரும் தனியார் மருத்துவமனைக்குத்தான். அது உரிய இடங்களில் உள்ளூர் அதிகாரியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும்; பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். அதோடு நான்கு நிபந்தனைகளும் சேர்ந்தே நிறைவேற வேண்டும்: குறைந்தது 5 உள்நோயாளிப் படுக்கைகள், இருபத்து நான்கு மணி நேரமும் பொறுப்பில் ஒரு தகுதி பெற்ற மருத்துவர், தேவையான சிகிச்சைப் பிரிவுகள், நோயாளிகளின் அன்றாடப் பதிவேடு.

இந்தப் “பதிவு” என்ற இடத்தில்தான் தவறான தாள் அதிகம் வைக்கப்படுகிறது. கிளெய்ம் படிவத்தின் ‘பி’ பகுதியை மருத்துவமனை நிரப்ப வேண்டும். அதில் “மாநிலக் குறியீட்டுடன் பதிவு எண்” என்ற கட்டம் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று சிகிச்சை அளித்த மருத்துவருக்கு உரியது. மற்றொன்று, நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையின் விவரத்தில், மருத்துவமனைக்கு உரியது. வரவேற்பு மேசையில் இருப்பவர் இரண்டிலும் மருத்துவரின் எண்ணையே எழுதிவிடுகிறார். தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சில் தரும் எண் அந்த மருத்துவர் சித்த மருத்துவம் பார்க்கத் தகுதி உடையவர் என்பதைக் காட்டுமே தவிர, அவர் நடத்தும் கட்டடம் மருத்துவமனையாகப் பதிவானது என்பதைக் காட்டாது. நகராட்சியின் தொழில் உரிமமும், மருந்து தயாரிக்கும் உரிமமும், ஜிஎஸ்டி எண்ணும் அதைக் காட்டமாட்டா. தனியார் மருத்துவமனைக்கு வேண்டியது, 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் தரும் சான்றிதழின் எண்.

சான்றிதழ் நகல் கைக்கு வந்ததும் அதில் மூன்றைப் பார்க்க வேண்டும். செல்லுபடியாகும் காலத்துக்குள் நீங்கள் சேர்ந்த நாளும் வீடு திரும்பிய நாளும் அடங்குகின்றனவா? சான்றிதழில் உள்ள பெயரும் முகவரியும் பில்லில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா? பதிவு எந்த வகை நிறுவனத்துக்கு, படுக்கைகளோடு கூடியதற்கா, வெளிநோயாளிகளை மட்டும் பார்க்கும் கிளினிக்குக்கா? இரண்டாவதில் நம் ஊர்ப்பக்கம் வழுக்கல் அதிகம். சான்றிதழ் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், பில் மருத்துவரின் பெயரில் வரும், மருந்துச் சீட்டு பக்கத்துக் கட்டடத்து மருந்துக் கடையின் பெயரில் வரும். மூன்றும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை என்று மருத்துவமனையின் முத்திரைத் தாளில் ஒரு கடிதம் வாங்கி முதலிலேயே கோப்பில் வைத்துவிட்டால், பிறகு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒரு மாதிரிக் கோப்பை எடுத்துப் பார்ப்போம். பாபநாசம் வட்டத்தைச் சேர்ந்த 61 வயதுப் பெண்மணி ஒருவர், ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை ஆறாவது ஆண்டாக இடைவெளியின்றிப் புதுப்பித்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறாவது ஆண்டு என்பது இங்கே முக்கியம். வயது சார்ந்த மூட்டுத் தேய்மானத்துக்கு அந்தப் பாலிசியில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் கேட்டால் மருத்துவமனைப் பதிவு எவ்வளவு சரியாக இருந்தாலும் பணம் வராது. அவர் 11 நாள் தங்கி, தொக்கணம், ஒற்றடம், பற்று ஆகியவற்றோடு உள்மருந்தும் எடுத்துக்கொள்கிறார். பில்லில் அறை வாடகை 8,800 ரூபாய், மருத்துவர் கட்டணம் 4,400, புறச் சிகிச்சைகள் 16,500, மருந்து 6,900, பரிசோதனை 900, உடன் தங்கியவரின் சாப்பாடு 900. மொத்தம் 38,400 ரூபாய். உடனிருந்தவரின் சாப்பாடு கழிந்து 37,500 நிற்கும். அதில் 5 விழுக்காடு பாலிசிதாரரின் பங்கு, அதாவது 1,875 ரூபாய். மற்றவை சரியாக இருந்தால் கைக்கு வர வேண்டியது 35,625.

இந்தக் கோப்பில் தடை வரக்கூடிய இடங்கள் இரண்டு. முதலாவது, ‘பி’ பகுதியில் படுக்கை எண்ணிக்கைக் கட்டம் காலியாக விடப்பட்டிருப்பது. ஐந்து படுக்கை என்ற நிபந்தனைக்கு விடை சொல்லும் கட்டம் அதுதான் என்பது மருத்துவமனைக்குத் தெரியாமல் இருக்கலாம். கேட்டு நிரப்ப வைக்க வேண்டியவர் பாலிசிதாரர். இரண்டாவது, சான்றிதழின் காலம் அவர் சேர்வதற்கு மூன்று வாரம் முன்பே முடிந்து, புதுப்பிக்க விண்ணப்பம் போட்டிருப்பது. இதை மறைத்துப் பழைய நகலைத் தேதி தெரியாமல் மடித்து அனுப்புவது வீண் வேலை. பழைய சான்றிதழ், காலம் முடியும் முன் விண்ணப்பித்ததைக் காட்டும் ஒப்புகை, கிடைத்திருந்தால் புதிய சான்றிதழ் ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்து, கடிதத்திலும் அதைச் சொல்லிவிடுவதே நல்லது. விண்ணப்பமே போடப்படவில்லை என்றால் கிளெய்ம் உண்மையிலேயே பலவீனமானது; சேர்வதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

முகப்புக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அதன் நடுப்பத்தி இப்படி அமையலாம்: “பாலிசியின் 4.2 பிரிவின் கீழ் இக்கோரிக்கையை அளிக்கிறேன். நான் சிகிச்சை பெற்ற மருத்துவமனை, வரையறைப் பகுதியில் ‘ஆயுஷ் மருத்துவமனை’ என்பதன் மூன்றாவது வகையில் அடங்கும். அதன் பதிவுச் சான்றிதழ் (எண், செல்லுபடியாகும் காலம்) இணைப்பு 1. படுக்கை எண்ணிக்கை, முழுநேர மருத்துவர், சிகிச்சைப் பிரிவுகள், அன்றாடப் பதிவேடு பற்றிய மருத்துவமனையின் கடிதம் இணைப்பு 2. மருத்துவரின் பதிவுச் சான்றிதழ் இணைப்பு 3.” வரையறையின் வரிசையிலேயே இணைப்புகளும் இருந்தால், படிப்பவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே போகலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயின் பெயரை “அழல் கீல்வாயு” என்று மட்டும் எழுதினால் டிபிஏ மருத்துவருக்கு அது புரியாமல் போகலாம். முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்பதும், நோய்களுக்கு உலக அளவில் வழங்கும் ஐசிடி குறியீடும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைவிடக் கேடு செய்வது “புத்துணர்வுச் சிகிச்சை”, “ஓய்வுக்காக அனுமதி” போன்ற சொற்கள். ஓய்வுக்காகச் சேர்வதை விலக்குக் குறியீடு 05-உம், ஸ்பா, நீர்ச் சிகிச்சை இல்லங்கள் போன்றவற்றில் பெறும் சிகிச்சையைக் குறியீடு 13-உம் வெளியே தள்ளுகின்றன. “11 நாள் பேக்கேஜ்” என்று ஒற்றை வரியில் பில் வாங்குவதும் இந்தச் சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஒவ்வொரு நாளும் என்ன செய்யப்பட்டது, ஏன் வீட்டிலிருந்து வந்துபோகும்படி இதைச் செய்ய முடியாது என்பது சம்மரியில் இருக்க வேண்டும்.

அறுவடை நாளில் இன்னொன்று நடக்கும். படுக்கை போட்டுக்கொண்டு, காலையில் ஒற்றடம் முடித்துவிட்டுக் களத்துமேட்டுக்குப் போய் இரவு வீட்டில் படுத்து, மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பி வருவார்கள். குறைந்தது 24 மணி நேரம் தொடர்ச்சியாக உள்நோயாளியாக இருப்பதைப் பாலிசி கேட்கிறது. விசாரணைக்கு வருபவர் அன்றாடப் பதிவேட்டில் இரவு நேரக் குறிப்பைத்தான் முதலில் தேடுவார். அது வெறுமையாக இருந்தால் மருத்துவமனையின் பெயரும் சேர்ந்து கெடும்.

காலக் கெடு எளியது. முன்கூட்டியே திட்டமிட்ட சேர்க்கை என்றால் 48 மணி நேரத்துக்கு முன் தகவல், வீடு திரும்பிய 30 நாளுக்குள் ஆவணங்கள். சான்றிதழ் நகலுக்காகக் காத்திருந்து அந்த 30 நாளைத் தாண்டவிடக் கூடாது. இருப்பதை அனுப்பிவிட்டு, வர வேண்டியதைக் கடிதத்தில் குறிப்பிடலாம்.

நிராகரிப்பு வந்தால், எந்தப் பிரிவின் கீழ் என்பதை நிறுவனம் எழுத்தில் சொல்லியாக வேண்டும். “வரையறைக்குள் வரவில்லை” என்று பொதுவாக இருந்தால், பதிவா, படுக்கையா, மருத்துவரா, பதிவேடா, எது நிறைவேறவில்லை என்று குறை தீர்ப்பு அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை; முகப்புக் கடிதமும் அந்த மூன்று இணைப்புகளும் அங்கேயும் அப்படியே பயன்படும்.