பணம் தர மறுத்த கடிதத்தைத் திருத்திய விதம்

மருதமுனைக் கைத்தறிச் சேலைகளைத் தபாலில் அனுப்பும் கடையொன்றில் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது என் வேலை. நிறம் பிடிக்கவில்லை என்று ஒரு அம்மா பணத்தைத் திருப்பிக் கேட்டார். 7 நாளுக்குள், வெட்டாத சேலைக்கு மட்டுமே பணம் என்பது எங்கள் விதி. அவர் எழுதியது 12ஆம் நாள். ரவிக்கைத் துண்டும் வெட்டப்பட்டிருந்தது.

கடையின் வழக்கமான பதில், "நீங்கள் தாமதித்துவிட்டீர்கள், வெட்டியும் விட்டீர்கள், விதிப்படி பணம் இல்லை." கோபமாக மறுமொழி வந்தது. மன்னிப்பைக் கூட்டினேன், "வருந்துகிறவர்கள் ஏன் தரக்கூடாது?" என்றார். "முதலாளியிடம் கேட்டுப் பார்க்கிறோம்" என்று சேர்த்ததும் தினமும் அழைப்பு. அந்த வரிதான் மிக மோசம்: முடிவான மறுப்பை இன்னும் முடிவாகாததுபோல் காட்டியது.

கடைசியில் இப்படி எழுதினேன்:

"அம்மா, நிறம் எதிர்பார்த்தபடி இல்லாதது ஏமாற்றமாக இருந்திருக்கும். இந்தச் சேலைக்குப் பணம் திருப்பித் தர இயலாது. துண்டு வெட்டிய சேலையை மறுபடி விற்க முடியாது. நெசவுக் குறையோ சாயம் போவதோ தெரிந்தால், இம்மாத இறுதிக்குள் படம் அனுப்புங்கள், பணம் தருவோம். வேறு நிறம் வேண்டுமானால் அதே திகதிவரை 10 சதவீதக் கழிவு உண்டு."

குற்றம் ஆளின்மேல் இல்லை, காரணம் சேலையின்மேல். முடிவை எது மாற்றும், எதுவரை என்பதும் தெளிவு. அழைப்புகள் நின்றன; அந்த வாரமே கழிவில் இன்னொரு சேலை எடுத்தார். கழிவுக்கு மட்டும் முதலாளியின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கியிருந்தேன்.